படமாக வந்த வரைபிலிருந்து சுழற்சித் திண்மத்தின் கனவளவு: தட்டா, உருளை ஓடா?

களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும் கணக்குகள் பெரும்பாலும் படங்களாகத்தான் வருகின்றன. கொப்பியில் கையால் கீறிய ஒரு வரைபு, பக்கத்தில் ஒரு சமன்பாடு, கீழே “சேர், இதுக்கு தட்டா ஓடா?” என்று ஒரு வரி. தொகையிடுவதில் அவர்கள் தடுக்குவது குறைவு. படத்தை வாசிப்பதிலும், எந்தப் பக்கமாக வெட்டுவது என்று முடிவெடுப்பதிலும்தான் வழி தவறுகிறது. ஆகவே தொகையீட்டுக் குறி எழுதும் முன் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. y = 3x² − x³ என்ற வளையியும் x-அச்சும் அடைக்கும் பிரதேசத்தை y-அச்சைப் பற்றி 2π ஆரையன்களினூடாகச் சுழற்றும்போது வரும் திண்மத்தின் கனவளவைக் காண்க. படத்தில் x-அச்சில் 3 என்றும் y-அச்சில் 4 என்றும் குறித்திருக்கிறது. நடுவே ஒரு மேடு. மேட்டின் கீழே நிழற்றியிருக்கிறது.

## 1. படத்தில் இருக்க வேண்டிய நான்கு விடயங்கள்

கணக்கைத் தொடங்கு முன் படத்தில் நான்கு விடயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: வளையிகளின் சமன்பாடுகள், பிரதேசத்தின் எல்லைகள், சுழற்சி அச்சு, சுழற்றும் கோணம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விடை வேறாகிவிடும்.

அதிகம் தொலைந்துபோவது சுழற்சி அச்சு. அது வரைபில் இருப்பதில்லை, வினாவின் வசனத்தில் இருக்கும். பிள்ளைகள் வரைபை மட்டும் வெட்டி அனுப்பும்போது அந்த வசனம் போய்விடுகிறது. அச்சு தெரியாமல் இருந்தால் “y-அச்சாகத்தான் இருக்கும்” என்று ஊகித்துத் தொடங்காதீர்கள். வினா முழுவதையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

படம் எடுப்பவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தாளுக்கு நேர் மேலே போனைப் பிடிக்க வேண்டும். தாளின் நான்கு மூலைகளும் சட்டத்துக்குள் வர வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் யன்னலிலிருந்து வருவது நல்லது. தலைக்கு மேலே மின்குமிழ் இருந்தால் போனின் நிழல் வரைபின் மேல் விழும், பிறகு அந்த நிழல் எது, பென்சிலால் நிழற்றிய பிரதேசம் எது என்று பிரித்தறிய முடியாது. மெல்லிய தாளில் பின்பக்கத்துக் கோடுகளும் தெரியும். கோடு போட்ட கொப்பியில் x-அச்சு அச்சடித்த கோட்டோடு கலந்துவிடும். ஆகவே அச்சுகளைப் பேனையால் அழுத்திக் கீறிவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

## 2. படத்தில் நம்பக்கூடியது, நம்பக்கூடாதது

போன் சற்றுச் சரிந்தால் படத்தில் நீளங்கள் மாறும், நீளங்களின் விகிதங்கள் மாறும், செங்கோணம் செங்கோணமாக இராது. x-அச்சில் 1, 2, 3 என்ற குறிகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு பக்கமாகச் சுருங்கிக்கொண்டு போனால் போன் சரிந்திருந்தது என்று அறியலாம். அப்படிப்பட்ட படத்தில் 1 இற்கும் 3 இற்கும் நடுப்புள்ளி 2 அல்ல. அடிமட்டம் வைத்து அளந்து எடுக்கும் எந்த எண்ணும் பிழை.

சரிந்த படத்திலும் மாறாதவை உண்டு. நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். இரண்டு வளையிகள் வெட்டினால் படத்திலும் வெட்டும், தொட்டால் தொடும். எது மேலே, எது கீழே, எந்தப் பகுதி உள்ளே, எந்த ஒழுங்கில் புள்ளிகள் வருகின்றன என்பவையும் அப்படியே இருக்கும்.

கனவளவுக்கு நமக்குத் தேவைப்படுவதும் இந்த மாறாத விடயங்கள்தான். எண்களைச் சமன்பாட்டிலிருந்து எடுக்கிறோம். படத்திலிருந்து ஒழுங்கை மட்டும் எடுக்கிறோம். கையால் கீறிய வரைபு எப்படியும் அளவிடைக்கு ஏற்ப இருக்காது என்பதால், நேராகப் பிடித்து எடுத்த படத்திலும் இதே விதியைக் கடைப்பிடிக்கிறேன்.

## 3. மங்கிய எழுத்தைச் சமன்பாட்டால் சரிபார்த்தல்

படங்களில் மிகச் சிறிதாகத் தெரிவது அடுக்கு. x² ஆ x³ ஆ என்பது மங்கிவிடும். 3 உம் 8 உம் ஒன்றுபோலத் தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதை விட வரைபில் குறித்த எண்களோடு ஒப்பிடுவது பயன் தரும்.

நமது கணக்கில் வளையி x-அச்சை 3 இல் வெட்டுவதாகக் குறித்திருக்கிறது. 3x² − x³ = x²(3 − x) என்பதால் மூலங்கள் 0, 3. பொருந்துகிறது. முதல் அடுக்கை 1 என்று வாசித்திருந்தால் 3x − x³ ஆகி, வெட்டும் இடம் √3 ஆகியிருக்கும்.

ஆனால் குணகமும் x-அச்சில் குறித்த எண்ணும் இரண்டுமே 8 ஆக இருந்து, இரண்டையும் 3 என்று வாசித்திருந்தால்? 8x² − x³ உம் 8 இல்தான் வெட்டும், ஆகவே இந்த ஒப்பீடு மட்டும் போதாது. உச்சியையும் பாருங்கள். 3x² − x³ ஐ வகையிட்டால் 6x − 3x². இது x = 2 இல் பூச்சியமாகும், அங்கே y = 12 − 8 = 4. y-அச்சில் 4 என்று குறித்திருப்பதால் இப்போது உறுதி. இரண்டு குறிகள், இரண்டு ஒப்பீடுகள்.

சமன்பாட்டின் குணகங்கள் வாசிக்கவே முடியாமல் இருந்து, வடிவம் மட்டும் y = ax² − bx³ என்று தெரிந்தாலும் இதே குறிகள் உதவும். x = 3 இல் பூச்சியம் என்பதால் a = 3b. உச்சி x = 2 இல் வரும், அதன் உயரம் 12b − 8b = 4, ஆகவே b = 1. வடிவமே தெரியாவிட்டால் வளையியின் தோற்றத்தைப் பார்த்துச் சமன்பாடு கட்டக்கூடாது.

## 4. வரைபை நீங்களே மறுபடி கீறுங்கள்

பிள்ளைகள் தவிர்க்கப் பார்க்கும் படி இது. வந்த படத்தின் மேலேயே விரலால் கோடு போட்டுக் கணக்குச் செய்வார்கள். புதிதாகக் கீறினால்தான் வரைபின் பிழைகள் வெளிவரும்.

எனக்கு வரும் படங்களில் இந்த வளையியை அனேகமாகத் தலைகீழ்ப் பரவளைவாகக் கீறியிருப்பார்கள். 0 இற்கும் 3 இற்கும் சரி நடுவில், 1.5 இல், உச்சி. உண்மையில் உச்சி 2 இல் இருக்கிறது. தொடக்கப் புள்ளியிலும் வளையி சரிந்து எழும்புவதில்லை. x² காரணி இருப்பதால் x-அச்சைத் தொட்டபடி படுத்துக் கிடந்து, பிறகு மெல்ல மேலேறும். 2 இற்குப் பின் வேகமாக இறங்கி 3 இல் அச்சை வெட்டும். பிரதேசத்தின் பெரும் பாகம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கடைசியில் விடையைச் சரிபார்க்கும்போது இந்தச் சாய்வு பயன்படும்.

புதிய வரைபில் பிரதேசத்தை ஒரு நிறத்தாலும் சுழற்சி அச்சை வேறு நிறத்தாலும் காட்டுங்கள். இங்கே சுழற்சி அச்சு y-அச்சோடு ஒன்றுபடுவதால் அது வெறும் ஆள்கூற்று அச்சுப்போலத் தெரியும். நிறம் போட்டால் மறக்காது.

## 5. முதலில் கீலத்தைத் தெரிவு செய்யுங்கள், அச்சைப் பிறகு பாருங்கள்

“y-அச்சைப் பற்றி என்றால் ஓடு, x-அச்சைப் பற்றி என்றால் தட்டு” என்று மனனம் செய்து வரும் பிள்ளைகள் பலர். அந்த விதி சில கணக்குகளில் சரியாகப் பொருந்துவதால்தான் ஆபத்தானது. நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு வேறு: பிரதேசத்தைப் பார்த்துக் கீலத்தின் திசையை முடிவு செய்யுங்கள், அந்தக் கீலம் அச்சுக்கு எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே முறையின் பெயரைச் சொல்லுங்கள்.

பிரதேசத்துக்குள் ஒரு மெல்லிய நிலைக்குத்துக் கீலத்தைக் கீறுங்கள். அதன் கீழ் நுனி x-அச்சில், மேல் நுனி வளையியில். கீலத்தை x = 0 இலிருந்து x = 3 வரை நகர்த்திப் பாருங்கள். நுனிகள் தொடும் கோடுகள் ஒருபோதும் மாறவில்லை. உயரம் எப்போதும் 3x² − x³.

இப்போது கிடைக் கீலம் ஒன்றைக் கீறுங்கள். இடது நுனி வளையியின் ஏறும் பகுதியில், வலது நுனி அதே வளையியின் இறங்கும் பகுதியில். அந்த இரு நுனிகளின் x-ஆள்கூறுகளையும் y சார்பாக எழுத வேண்டும். அதாவது 3x² − x³ = y என்ற மூன்றாம் படிச் சமன்பாட்டை x இற்குத் தீர்க்க வேண்டும். பொதுவாக அது கையால் செய்து முடிக்கக்கூடிய வேலை அல்ல.

ஆகவே நிலைக்குத்துக் கீலம். நான் பார்ப்பது இரண்டே கேள்விகள். நுனிகள் தொடும் கோடுகள் வழி முழுவதும் மாறாமல் இருக்கின்றனவா? கீலத்தின் நீளத்தைச் சமன்பாட்டை மாற்றித் தீர்க்காமல் எழுத முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தத் திசையே சரி.

## 6. இனி அச்சு: செங்குத்தானால் தட்டு, சமாந்தரமானால் ஓடு

கீலம் சுழற்சி அச்சுக்குச் செங்குத்தாக இருந்தால், சுழலும்போது வட்டத் தட்டு வரும். கீலம் அச்சைத் தொடாமல் தள்ளி நின்றால் நடுவில் துளையுள்ள தட்டு, வாசர்போல. கீலம் அச்சுக்குச் சமாந்தரமாக இருந்தால் சுழலும்போது மெல்லிய உருளை ஓடு வரும்.

நமது கீலம் நிலைக்குத்து, அச்சும் நிலைக்குத்து. சமாந்தரம். ஆகவே ஓடு.

இதே பிரதேசத்தை x-அச்சைப் பற்றிச் சுழற்றினாலும் நிலைக்குத்துக் கீலத்தையே வைத்திருப்போம், ஏனென்றால் பிரதேசம் மாறவில்லை. அப்போது கீலம் அச்சுக்குச் செங்குத்து, ஆகவே தட்டு. அதன் கனவளவு π∫(3x² − x³)²dx, எல்லை 0 இலிருந்து 3 வரை, விடை 729π/35, ஏறத்தாழ 20.83π.

## 7. ஓட்டின் கனவளவை எழுதுதல்

சுருட்டிய பாயை விரிப்பதுபோல ஓட்டை ஓரிடத்தில் வெட்டி விரித்தால் அது மெல்லிய தகடு. அதன் நீளம் ஓட்டின் சுற்றளவு 2πr, அகலம் ஓட்டின் உயரம் h, தடிப்பு dx. மூன்றையும் பெருக்கினால் ஓட்டின் கனவளவு.

“விரிக்கும்போது உள்பக்கம் வெளிப்பக்கத்தை விடச் சிறிதுதானே, அப்ப பிழை வராதா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி. உள் ஆரை r₁, வெளி ஆரை r₂ என்றால் ஓட்டின் சரியான கனவளவு π(r₂² − r₁²)h. இதைக் காரணிப்படுத்தினால்:

```
π(r₂² − r₁²)h = 2π · (r₁ + r₂)/2 · h · (r₂ − r₁)
```

சராசரி ஆரையை எடுத்தால் விரித்த தகட்டின் கனவளவும் ஓட்டின் கனவளவும் சமன். தடிப்பு பூச்சியத்தை நோக்கிப் போகும்போது சராசரி ஆரை r ஆகிவிடுகிறது. ஒன்றும் தொலையவில்லை.

இப்போது r, h இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். ஒரே வரியில் எழுதப்போய்த்தான் இரண்டும் இடம் மாறுகின்றன.

r என்பது கீலத்திலிருந்து சுழற்சி அச்சுக்கு உள்ள தூரம். அச்சு x = 0 என்பதால் r = x.

h என்பது கீலத்தின் நீளம், மேல் நுனி கழித்தல் கீழ் நுனி. h = (3x² − x³) − 0.

எல்லைகள் கீலம் நகர்ந்த தூரத்தின் முனைகள்: 0, 3. சுழற்றும்போது திண்மம் இடப்பக்கமும் வருகிறதே என்று −3 இலிருந்து எடுக்கவோ இரண்டால் பெருக்கவோ கூடாது. ஒவ்வொரு ஓடும் முழுச் சுற்றுப் போய் வந்துவிட்டது. இடப்பக்கம் அதற்குள் அடங்கும்.

```
V = 2π ∫₀³ x(3x² − x³) dx
  = 2π ∫₀³ (3x³ − x⁴) dx
  = 2π [3x⁴/4 − x⁵/5]₀³
  = 2π (243/4 − 243/5)
  = 243π/10
```

அதாவது 24.3π கன அலகுகள்.

## 8. இந்த இடத்தில் வரும் மூன்று பிழைகள்

பழக்கத்தில் π∫y²dx என்று எழுதிவிடுவது முதலாவது. உயர்தர இணைந்த கணிதத்தில் x-அச்சைச் சுற்றும் அந்தச் சூத்திரத்தையே பல முறை செய்திருப்பதால் கை தானாகப் போகும். அப்போது வருவது மேலே கண்ட 20.83π. அது 24.3π இற்கு அருகிலேயே இருப்பதால் அளவைப் பார்த்துப் பிழையைப் பிடிக்க முடியாது. வரியில் வர்க்கம் இருந்தால் தட்டு, r பெருக்கல் h இருந்தால் ஓடு. எந்தக் கீலத்தைக் கீறினோமோ அதற்கு ஏற்ற வரியா என்று பாருங்கள்.

எல்லையில் 4 ஐப் போடுவது இரண்டாவது. 4 என்பது y-அச்சிலுள்ள குறி. தொகையீடு dx இல் இருக்கிறது, ஆகவே எல்லைகள் x-ஆள்கூறுகளாகவே இருக்க வேண்டும். 0 இலிருந்து 4 வரை எடுத்தால் 2π(192 − 204.8) = −25.6π வரும். கனவளவு மறையாக வராது என்று நினைத்துக் குறியை அழித்துவிட்டு 25.6π என்று விடை எழுதிய தாள்களைப் பார்த்திருக்கிறேன். மறைப் பெறுமானம் வந்தால் அழிக்காதீர்கள். எல்லையோ h இன் கழித்தல் ஒழுங்கோ பிழைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

மூன்றாவது, r ஐ எழுத மறப்பது. 2π∫(3x² − x³)dx என்று எழுதினால் 13.5π வரும். அது பரப்பளவை 2π ஆல் பெருக்கியது, கனவளவு அல்ல.

## 9. விடையைச் சோதிக்கும் வழி

முதலில் வெளி எல்லை. திண்மம் ஆரை 3, உயரம் 4 உள்ள உருளைக்குள் அடங்கும். அந்த உருளையின் கனவளவு 36π. நமது 24.3π அதை விடக் குறைவு. இடப்பக்கத்துக்கென்று இரட்டித்து 48.6π எடுத்தவர் இங்கேயே பிடிபடுவார்.

அடுத்தது இன்னும் கூர்மையானது. பப்பஸ் தேற்றத்தின்படி கனவளவு என்பது பரப்பளவு பெருக்கல் அந்தப் பரப்பின் மையம் சுற்றிய தூரம். ஆகவே V ஐ 2πA ஆல் பிரித்தால் மையத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் கிடைக்கும். நமது பிரதேசத்தின் பரப்பளவு:

```
A = ∫₀³ (3x² − x³) dx = 27 − 81/4 = 6.75
```

24.3π ÷ (2π × 6.75) = 1.8. நான்காம் படியில் கீறிய வரைபை எடுத்துப் பாருங்கள். பிரதேசம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நடு 1.5. மையம் 1.8 இல் இருப்பது பொருத்தம். r ஐ மறந்த 13.5π ஐப் பிரித்தால் 1 வரும். நடுவுக்கு இடப்பக்கம். வரைபோடு பொருந்தாது. வந்த படத்தைப்போல உச்சியை 1.5 இல் கீறியிருந்தால் மையமும் 1.5 இல் இருக்கும் என்று நினைத்து, சரியான விடையையே சந்தேகித்திருப்பீர்கள்.

## 10. ஓடு படிக்காதவருக்கு: தட்டிலேயே ஒரு வழி

தட்டு முறையை மட்டும் படித்த பிள்ளைக்கும் இந்தக் கணக்கு மூடிய கதவு அல்ல. கிடைக் கீலத்தின் வலது நுனி x₂, இடது நுனி x₁ என்றால் கனவளவு π∫(x₂² − x₁²)dy, y இன் எல்லை 0 இலிருந்து 4 வரை. x₁, x₂ ஐத் தீர்க்க முடியாதுதான். ஆனால் y = 3x² − x³, dy = (6x − 3x²)dx என்று பிரதியிட்டால் தீர்க்கத் தேவையில்லை.

x₁ இன் பகுதியில் y 0 இலிருந்து 4 இற்குப் போகும்போது x 0 இலிருந்து 2 இற்குப் போகும். x₂ இன் பகுதியில் x 3 இலிருந்து 2 இற்கு வரும். இரண்டையும் சேர்த்தால்:

```
V = −π ∫₀³ x²(6x − 3x²) dx
  = −π (121.5 − 145.8) = 24.3π
```

ஓட்டின் தொகையீட்டைப் பகுதிகளாகத் தொகையிட்டாலும் இதே வரிதான் வரும். இதில் திசையைக் கவனிக்க வேண்டும். x₂ இன் பகுதியில் எல்லைகள் 3 இலிருந்து 2 என்று தலைகீழாக வருவதைத் திருப்பும்போது குறி மாறும். நேரம் இருந்தால் ஓட்டு விடையைச் சரிபார்க்க இதைச் செய்யலாம்.

## 11. அச்சு தள்ளிப்போனால்

அதே பிரதேசம், ஆனால் சுழற்சி அச்சு x = −1. படத்தின் இடது ஓரத்தை வெட்டி அனுப்பும்போது இந்தக் கோடு காணாமல் போய்விடும். வினாவில் மட்டுமே இருக்கும்.

பிரதேசம் மாறவில்லை, கீலம் மாறவில்லை, h மாறவில்லை, எல்லையும் மாறவில்லை. மாறுவது r மட்டும். x இலுள்ள கீலத்திலிருந்து −1 இற்கு உள்ள தூரம் x + 1.

```
V = 2π ∫₀³ (x + 1)(3x² − x³) dx
  = 24.3π + 2π(6.75) = 37.8π
```

அச்சு x = 4 என்றால் அது பிரதேசத்தின் வலப்பக்கம். அப்போது r = 4 − x, விடை 29.7π. எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். r என்பது தூரம், மறையாகாது. மனதில் நிறுத்த ஒரு வழி: கீலத்தின் அடியிலிருந்து அச்சு வரை ஒரு கிடைக் கோடு கீறி அதன் மேல் r இன் கோவையை எழுதிவிடுங்கள்.

## 12. மறுபக்கம்: y-அச்சுதான், ஆனால் தட்டு

மனனம் செய்த விதி எங்கே உடைகிறது என்று காட்ட ஒரு கணக்கு. x = y² உம் y = x − 2 உம் அடைக்கும் பிரதேசத்தை y-அச்சைப் பற்றிச் சுழற்றுக.

வெட்டுப்புள்ளிகள் y² = y + 2 இலிருந்து y = −1, y = 2. அதாவது (1, −1), (4, 2). நிலைக்குத்துக் கீலத்தை நகர்த்திப் பாருங்கள். x = 1 வரை இரு நுனிகளும் பரவளைவில். 1 இற்குப் பிறகு கீழ் நுனி நேர்கோட்டுக்கு மாறிவிடுகிறது. தொகையீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கிடைக் கீலத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. இடது நுனி எப்போதும் y², வலது நுனி எப்போதும் y + 2.

கிடைக் கீலம் y-அச்சுக்குச் செங்குத்து, அச்சிலிருந்து தள்ளி நிற்கிறது. ஆகவே துளையுள்ள தட்டு.

```
V = π ∫₋₁² [(y + 2)² − y⁴] dy = 72π/5
```

வெளி ஆரையை வர்க்கித்து, உள் ஆரையை வர்க்கித்து, பிறகு கழிக்க வேண்டும். (y + 2 − y²)² என்று கழித்துவிட்டு வர்க்கிப்பது மிகப் பரவலான பிழை. அது கீலம் அச்சைத் தொட்டபடி நிற்கும் வேறொரு திண்மத்தின் கனவளவு. விரும்பினால் இரண்டாகப் பிரித்த ஓட்டு முறையிலும் செய்து பாருங்கள், அதே 72π/5 வரும். வேலைதான் இரட்டிப்பு.

## 13. அச்சு பிரதேசத்தை வெட்டும்போது

மேலே உள்ள பிரதேசத்தையே x-அச்சைப் பற்றிச் சுழற்றச் சொன்னால் இரு முறைகளும் முன்போல ஓடமாட்டா. y = −1 இலிருந்து 2 வரை என்றால் x-அச்சு பிரதேசத்தின் ஊடாகப் போகிறது. சுழலும்போது கீழ்ப்பகுதி மேற்பகுதி போகும் இடத்திலேயே போகும். அதை இரண்டு தரம் எண்ணக்கூடாது, கழிக்கவும் கூடாது.

கிடைக் கீலம் x-அச்சுக்குச் சமாந்தரம், ஆகவே ஓடு என்று எண்ணி இப்படி எழுதுவார்கள்:

```
2π ∫₋₁² y(y + 2 − y²) dy = 9π/2
```

நேர்ப் பெறுமானம், பார்க்க அழகான பின்னம். ஆனால் பிழை. y மறையாக உள்ள இடத்தில் r = y என்று வைத்ததால் கீழ்ப்பகுதியின் கனவளவு கழிபட்டுவிட்டது.

சரியான வழி, அச்சுக்குக் கீழே உள்ள பகுதியை மேலே மடித்துக் கீறுவது. மடித்த பகுதி, x = 0 இலிருந்து 1 வரை மேற்பகுதியோடு சரியாகப் பொருந்துகிறது. 1 இலிருந்து 2 வரை அதன் உயரம் 2 − x, மேற்பகுதியின் √x ஐ விடக் குறைவு. ஆகவே முழுவதும் மேற்பகுதிக்குள் மறைந்துவிடுகிறது. திண்மத்தைத் தீர்மானிப்பது மேற்பகுதி மட்டுமே: x = 0 இலிருந்து 4 வரை வெளி ஆரை √x, அதில் x = 2 இலிருந்து 4 வரை x − 2 ஆரையுள்ள துளை.

```
V = π ∫₀⁴ x dx − π ∫₂⁴ (x − 2)² dx
  = 8π − 8π/3 = 16π/3
```

ஒன்பதாம் படியின் பப்பஸ் சோதனையை இங்கே நம்ப வேண்டாம். பிரதேசத்தின் பரப்பளவு 4.5, மையம் y = 0.5 இல். 2π × 0.5 × 4.5 என்று பெருக்கினால் அதே பிழையான 9π/2 தான் வரும், பிழை சரிபோலத் தெரியும். அச்சு பிரதேசத்தை வெட்டாதபோது மட்டுமே அந்தத் தேற்றம் செல்லும். ஆகவே நான்காம் படியில் அச்சை நிறத்தால் கீறியதும், அது நிழற்றிய பகுதிக்குள் நுழைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீலத்துக்குப் போக வேண்டும்.